தட்டச்சு செய்தவர் ஒருவர், கதை இன்னொருவருடையது: ஒரு நேரலை ஜெபத்தில் நடந்த தவறும் அதற்குப் பிறகு மாற்றியதும்

எங்கள் குழு வெள்ளிக்கிழமை இரவுகளில் ஒரு மணி நேரம் யூடியூபில் நேரலையாக ஜெபம் நடத்துகிறது. ஒரு பாட்டு, ஒரு சின்ன வேத தியானம், மீதி நேரம் முழுக்க ஜெபக்குறிப்புகள்தான். நூறு, நூற்றைம்பது பேர் பார்ப்பார்கள், அவர்களில் முப்பது நாற்பது பேர் சாட்டில் எழுதுவார்கள். பாஸ்டர் ஜெபிப்பார், ஒரு அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து போனில் சாட்டைத் திறந்து வைத்துக்கொண்டு வருகிற குறிப்புகளை ஒவ்வொன்றாக வாசிப்பார், நான் வீட்டிலிருந்து சாட்டைப் பார்த்துக்கொள்வேன். கெட்ட வார்த்தை வந்தால் நீக்குவது, விளம்பர லிங்க் போடுகிறவரை அனுப்பிவிடுவது, இவ்வளவுதான் என் வேலை என்று நினைத்திருந்தேன்.

அந்த இரவு ஒரு அக்கா எழுதியது இது: "எங்க தங்கச்சிக்காக ஜெபிங்க பாஸ்டர், ரெண்டாவது தடவையும் குழந்தை தங்கல, அவங்க வீட்ல இன்னும் சொல்லல." அவருடைய கணக்கில் முழுப்பெயர் இருந்தது. வாசித்த அண்ணன் பெயரைச் சொன்னார், செய்தியைச் சொன்னார், வேகமாக வாசித்துக்கொண்டே வந்தவர் கடைசித் துண்டையும் சேர்த்தே வாசித்துவிட்டார். வீட்டில் சொல்லவில்லை என்ற அந்த வரி வாயிலிருந்து வந்த பிறகுதான் அவருக்கே உறைத்திருக்கிறது. ஒரு நொடி நின்றார், அப்புறம் அடுத்த குறிப்புக்குப் போய்விட்டார். நான் சாட்டில் இருந்த செய்தியை உடனே நீக்கினேன், சரி, முடிந்தது என்று நினைத்தேன்.

முடியவில்லை. மறுநாள் மதியத்துக்குள் அந்த நாற்பது நொடிகள் தங்கையின் புகுந்த வீட்டு வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்ச் சேர்ந்திருந்தன. அனுப்பியவருக்குக் கெட்ட எண்ணம் இல்லை, "நம்ம மருமகளுக்காக ஜெபிச்சிருக்காங்க பாருங்க" என்றுதான் அனுப்பியிருக்கிறார். அந்தப் பெண் தன் கணவரோடு சேர்ந்து, தனக்குத் தாங்கும் நேரத்தில், தன் வாயால் சொல்லவேண்டிய ஒன்றை மாமியார் ஒரு வீடியோவில் கேட்டார்.

இதை யார் மேலும் பழிபோட எழுதவில்லை. எது எந்த வழியாக வெளியே போனது, எங்கே தடுத்திருக்க முடியும் என்று உட்கார்ந்து பிரித்துப் பார்த்தோம், அதை அப்படியே எழுதுகிறேன். முதலில் தெரிந்துகொண்டது, அந்த ஒரு செய்திக்கு எத்தனை நகல்கள் என்பது. சாட்டில் இருந்த எழுத்து ஒன்று. அதை நீக்கினால் சாட்டிலிருந்தும், பிறகு வரும் சாட் ரீப்ளேயிலிருந்தும் போய்விடும், அதை மட்டும்தான் நான் நீக்கியிருந்தேன். அண்ணனின் குரல் இரண்டாவது. மூன்றாவது, பதிவு: நேரலை முடிந்ததும் அது தானாகவே சேனலில் வீடியோவாகத் தங்கிவிடும், பேசியது தானியங்கி வசனமாகவும் மாறிவிடும், எங்கள் சேனலில் கிளிப் எடுக்கும் வசதியும் திறந்தே இருந்தது. நான்காவது, யாரோ தன் போன் திரையைப் பதிவுசெய்தது. அது எங்கள் கையை விட்டு முழுக்கவே போய்விட்டது. எழுத்தை நீக்கிவிட்டால் விஷயம் அடங்கிவிடும் என்று நினைத்த என் கணக்கில் மீதி மூன்றும் இல்லவே இல்லை.

அடுத்த தவறு வரிசையில். இரவு பதினொரு மணிக்கு அந்த அக்கா பதறிப்போய் அழைத்ததும், யூடியூப் ஸ்டுடியோவில் அந்தப் பகுதியை மட்டும் வெட்டத் தொடங்கினோம். வெட்டிச் சேமித்தால் புதிய வடிவம் தயாராக மணிக்கணக்காகும், அதுவரை பழைய வீடியோவே எல்லோருக்கும் தெரிந்துகொண்டிருக்கும், இது எங்களுக்கு அப்போது தெரியாது. முதலில் வீடியோவை `Private` ஆக்கிவிட்டு, பிறகு நிதானமாக வெட்டியிருக்கவேண்டும். ஒரே ஒரு அழுத்தலில் முடிகிற வேலை அது, அதைச் செய்யாமல் விட்ட அந்த இரவுதான் வீடியோ திறந்திருந்தது.

மறுநாள் வாசித்த அண்ணன் உடைந்துபோய்விட்டார். "அடுத்த வாரம் நேரலையிலேயே மன்னிப்புக் கேட்டுடறேன்" என்றார். பாஸ்டர் அந்த அக்காவிடம் கேட்டார். அவர் சொன்னது: "வேண்டாம் பாஸ்டர், கேக்காதவங்களும் என்னன்னு தேடிப் பாப்பாங்க." சரிதான். பொதுவில் கேட்கும் மன்னிப்பு இரண்டாவது முறை அம்பலப்படுத்துவதாகிவிடும். பாஸ்டரும் அண்ணனும் அந்தத் தங்கையிடம், அவர் சம்மதித்த நேரத்தில், போனில் பேசினார்கள். அதற்கு மேல் அந்தப் பேச்சை நாங்கள் எங்கும் எடுக்கவில்லை. இங்கே எழுதுவதும் இரண்டு பேருடைய அனுமதியோடு, அடையாளம் தரும் விவரங்களை மாற்றித்தான்.

இனி மாற்றியது என்ன என்று சொல்கிறேன்.

சாட்டிலிருந்து நேராக வாசிப்பதை அன்றோடு நிறுத்தினோம். சாட்டில் ஒரே ஒரு செய்தியை மேலே பின் செய்து வைக்கலாம், அதில் ஜெபக்குறிப்பு அனுப்புவதற்கான ஒரு படிவத்தின் லிங்க் போட்டோம். படிவத்தில் பெயர், குறிப்பு, அதற்குக் கீழே மூன்று தேர்வுகள்: பெயரோடு வாசிக்கலாம், பெயர் சொல்லாமல் வாசிக்கலாம், வாசிக்காமல் ஜெபக்குழு மட்டும் ஜெபித்தால் போதும். எதையும் தேர்ந்தெடுக்காமல் அனுப்பினால் அது மூன்றாவதில் சேரும். இதில் ஒரு சின்னச் சண்டை நடந்தது. "ஜெபக்குறிப்பு அனுப்புறவங்க வாசிக்கத்தானே அனுப்புறாங்க, டிக் பண்ண மறந்தவங்களை ஏன் விடணும்?" என்று ஒருவர் கேட்டார். வாசிக்காமல் விட்டால் அடுத்த வாரம் கேட்டுக்கொண்டு வாசிக்கலாம், வாசித்துவிட்டால் திரும்பப் பெற வழியில்லை என்று பாஸ்டர் சொன்னதோடு அது முடிந்தது.

ஆனால் இந்த மூன்று தேர்வும் இருந்திருந்தால்கூட அன்றைய தவறு நடந்திருக்கும். அந்த அக்கா "பெயரோடு வாசிக்கலாம்" என்று மனப்பூர்வமாகவே தேர்ந்தெடுத்திருப்பார், அவர் அன்பினால்தான் எழுதினார். சம்மதம் தர அவருக்கு உரிமை இருந்தது அவருடைய பெயருக்கு மட்டும். தங்கையின் வயிற்றில் நடந்ததற்குத் தங்கைதான் சம்மதம் தரவேண்டும். இது புரிய எங்களுக்கு இரண்டு வாரம் ஆனது. அதன் பிறகுதான் படிவத்தில் இன்னொரு கேள்வி சேர்த்தோம்: "இந்தக் குறிப்பு யாரைப் பற்றியது? என்னைப் பற்றி / இன்னொருவரைப் பற்றி." இரண்டாவதைத் தொட்டால் அடுத்து ஒன்று கேட்கும்: "இது வாசிக்கப்படுவது அவருக்குத் தெரியுமா, சரி என்று சொன்னாரா?" ஆம் என்றால் மட்டும் வாசிப்பு. இல்லை, தெரியாது என்றால், மேலே என்ன தேர்ந்தெடுத்திருந்தாலும் குழுவுக்கு மட்டும்.

இதைக் கறாராகப் பிடித்தால் இன்னொரு பக்கம் அடிபடும் என்பதும் சீக்கிரமே தெரிந்தது. ஒரு சகோதரி எழுதினார்: கணவர் குடிக்கிறார், சம்பளம் வீட்டுக்கு வருவதில்லை, பிள்ளைகள் பயப்படுகிறார்கள், ஜெபியுங்கள். கணவரிடம் சம்மதம் கேட்டுவிட்டு வா என்று அவரிடம் சொல்ல முடியுமா? அவருடைய குறிப்பைத் தள்ளிவைத்தால் அவருடைய வேதனையையும் சேர்த்தே தள்ளிவைக்கிறோம். அதனால் குறிப்பை வரிவரியாகப் பார்த்து, இந்த வரி யாருடையது என்று கேட்க ஆரம்பித்தோம். குடி கணவருடையது. பயம், வீட்டுக் கஷ்டம், தூக்கமில்லாத இரவு ஆகியவை அவருடையவை. வாசித்தது இப்படி: "வீட்டில் சமாதானமும், பிள்ளைகளுக்குப் பயமில்லாத இரவும், மாதத் தேவைகள் சந்திக்கப்படவும் ஒரு சகோதரி ஜெபம் கேட்கிறார்." அவர் தேர்ந்தெடுத்தது பெயர் சொல்லாமல். குடி என்ற சொல் காற்றில் போகவில்லை. பாஸ்டர் ஜெபித்தபோது அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது, ஏனென்றால் முழுக் குறிப்பும் அவரிடம் முன்பே போயிருந்தது. ஜெபிக்கிறவருக்குத் தெரியவேண்டியதும் கேட்கிறவர்கள் காதில் விழவேண்டியதும் ஒரே அளவாக இருக்கவேண்டியதில்லை. வன்முறை இருக்கிற வீடாகத் தெரிந்தால் இந்த அளவுக்குக்கூட வாசிப்பதில்லை. கணவரும் அதே நேரலையைப் பார்த்துக்கொண்டிருக்கலாம், அவருக்கு அந்த ஒரு வரியே போதும்.

இப்படி மாற்றி எழுதும் வேலைக்குத் தனியாக ஒரு ஆள் வேண்டும். முன்பு இரண்டு பேர் செய்ததை இப்போது நான்கு பேர் செய்கிறோம்: சாட்டைப் பார்க்க இரண்டு பேர், படிவத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்து எழுத ஒரு அக்கா, வாசிக்க அதே அண்ணன். அண்ணனிடம் இப்போது போன் இல்லை. அந்த அக்கா பெரிய எழுத்தில் எழுதிக்கொடுக்கும் சீட்டு மட்டும்தான். ஒரு சீட்டில் ஒரு குறிப்பு, மூன்று வரிக்குள். பெயர் சொல்லவேண்டாம் என்றவரின் சீட்டில் பெயரே இருக்காது.

அந்தக் கடைசி விதி ஒரு தவறில் பிறந்தது. மூன்றாவது வாரம், பெயர் சொல்லாத ஒரு குறிப்பு, முதுகுத்தண்டு அறுவைச் சிகிச்சைக்காக. அப்போதெல்லாம் சீட்டின் மூலையில் பெயரையும் எழுதிக்கொடுத்துக்கொண்டிருந்தோம். அண்ணன் பெயரைச் சொல்லவில்லை, விதியைச் சரியாகத்தான் பின்பற்றினார். ஆனால் வாசித்து முடித்ததும் பாசம் தாங்காமல், "நமக்காக எவ்வளவு பாட்டு பாடியிருக்காங்க, கர்த்தர் சீக்கிரம் எழுப்புவார்" என்று சேர்த்துவிட்டார். பாட்டுக் குழுவில் இரண்டு பெண்கள்தான். சாட்டில் அடுத்த நிமிடமே ஒருவர் பெயர் சொல்லி நலம் விசாரித்தார். நல்லவேளை, அந்தச் சகோதரி பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பெயரை மறைப்பது மட்டும் போதாது என்று அன்று தெரிந்தது. ஊர், வேலை, நோயின் பெயர், எத்தனை பிள்ளைகள், இவற்றில் இரண்டு சேர்ந்தாலே தெரிந்தவர்களுக்கு ஆள் யாரென்று தெரிந்துவிடும். எழுதுகிற அக்கா இப்போது ஒரு குறிப்பில் ஒரு விவரத்துக்கு மேல் விடுவதில்லை. "அறுவைச் சிகிச்சைக்காகக் காத்திருக்கும் ஒருவர்" என்றாலே ஜெபிக்கிறவர்களுக்குப் போதும்.

படிவம் இருந்தாலும் சாட்டிலேயே குறிப்பு போடுகிறவர்கள் நிற்கப்போவதில்லை, பெரியவர்களுக்கு லிங்கைத் தொட்டு நிரப்புவது சிரமம். அவர்களைச் சாட்டிலேயே கேட்கிறோம்: "அம்மா, இதை நேரலையில் வாசிக்கலாமா? பெயர் சொல்லலாமா?" இங்கேதான் தாமதம் குறுக்கே வரும். நாம் பேசுவது பார்ப்பவர்களுக்குப் போய்ச்சேர எடுக்கும் நேரத்தை யூடியூபில் மூன்று நிலைகளில் வைக்கலாம். சாதாரண நிலையில் அரை நிமிடம்கூட ஆகும், மிகக் குறைந்த நிலையில் சில நொடிகள்தான். பாஸ்டர் "சாட்டில் கேட்டிருக்கிறோம், பதில் சொல்லுங்கள்" என்று சொல்வதை அந்த அம்மா கேட்டு, படித்து, ஒரு விரலால் தட்டி அனுப்புவதற்குள், சாதாரண நிலையில் ஜெபம் எங்கேயோ போயிருக்கும். குறைந்த தாமதத்துக்கு மாற்றினோம், கேட்ட பிறகு மூன்று நிமிடம் காத்திருக்கிறோம். பதில் வரவில்லை என்றால் குழுவுக்கு மட்டும் போகிறது. ஒரு ஆமென் இமோஜி மட்டும் வந்தாலும் அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்வதில்லை. அது முந்தைய ஜெபத்துக்குச் சொன்ன ஆமெனாக இருக்கலாம், பல தடவை அப்படித்தான் இருந்திருக்கிறது.

நேர் எதிராகத் தாமதத்தைக் கூட்டலாமே, தவறு நடந்தால் வெளியே போவதற்குள் நிறுத்திவிடலாமே என்று ஒரு தம்பி சொன்னார், முயன்றும் பார்த்தோம். ஓபிஎஸ் மென்பொருளில் ஒளிபரப்புக்குத் தாமதம் வைத்தால், நிறுத்தும்போது தேங்கியிருக்கும் பகுதியை வெளியே விடாமலே கைவிடலாம். வேலை செய்தது. ஆனால் அப்படிச் செய்தால் மொத்த நேரலையும் நின்றுவிடும், அந்த ஒரு வரியை மட்டும் விழுங்க முடியாது. மேலும் ஒரு நிமிடத் தாமதத்தில் சாட்டில் சம்மதம் கேட்பது அறவே முடியாமல் போனது. வாசித்த பிறகு தடுப்பதை விட, வாசிப்பதற்கு முன் கேட்பதற்கு நேரம் கிடைப்பதுதான் எங்களுக்கு முக்கியம் என்று அதைக் கைவிட்டோம்.

சாட்டைக் கவனிப்பதிலும் சில மாறின. லிங்குகளைத் தடுப்பதும் சந்தேகத்துக்குரிய செய்திகளை நிறுத்திவைப்பதும் முன்பே இருந்தன. கெட்ட வார்த்தைகளைவிட எங்களுக்குப் பெரிய தொல்லை வேறு. பாஸ்டரின் படத்தையும் பெயரையும் போட்டுக்கொண்டு ஒரு கணக்கு வரும், அழுது எழுதுகிற ஒருவருக்கு "மகளே, உனக்காக விசேஷ ஜெபம் இருக்கிறது, இந்த எண்ணுக்கு வாட்ஸ்அப் செய்" என்று பதில் போடும், பிறகு அங்கே காணிக்கை கேட்கும். யார் மனம் உடைந்து எழுதுகிறார்களோ அவர்களைத்தான் தேடிப் பிடிக்கிறார்கள், இதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. கண்டுபிடிக்க வழி உண்டு: சேனல் உரிமையாளரின் பெயர் சாட்டில் மஞ்சள் பட்டையில் வரும், மாடரேட்டர் பெயருக்குப் பக்கத்தில் சிறிய ஸ்பேனர் குறி இருக்கும், போலிக்கு இரண்டும் இருக்காது. இதைத் தொடக்கத்திலும் நடுவிலும் பாஸ்டரே வாயால் சொல்கிறார், "நாங்கள் யாரும் சாட்டில் எண் தரமாட்டோம், எண் கேட்கவும் மாட்டோம்" என்று. அப்படிப்பட்ட கணக்கைத் தற்காலிகமாக நிறுத்துவதில் பயனில்லை, `Hide user on this channel` தான். அவருக்கு அறிவிப்பு போகாது, அவர் எழுதுவது மற்றவர்களுக்குத் தெரியாது. நல்ல மனதோடு மருந்து சொல்லுகிற, "விசுவாசம் குறைவு, அதான் இப்படி" என்று எழுதுகிற நம் ஆட்களுக்கு அது கூடாது. செய்தியை நீக்கிவிட்டு, அன்பாக ஒரு வரி எழுதினால் போதும்.

ஸ்லோ மோடைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். ஒருவர் ஒரு செய்திக்கும் அடுத்த செய்திக்கும் இடையே எத்தனை நொடி காத்திருக்கவேண்டும் என்று வைப்பது அது. கூட்டம் அதிகமான ஒரு நாள் அறுபது நொடி வைத்தோம், சாட் அழகாக அமைதியானது. அன்றைக்குத்தான் ஒருவர் "இனி இருந்து என்ன பயன்" என்று எழுதினார். நாங்கள் கேட்ட கேள்விக்கு அவர் பதில் எழுத ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டியிருந்தது. எங்கள் வாழ்க்கையிலேயே நீளமான நிமிடம். அதிலிருந்து பத்து நொடிக்கு மேல் வைப்பதில்லை. இப்படி ஒரு செய்தி வந்தால் அது ஜெபக்குறிப்புப் பட்டியலுக்குப் போகாது, வாசிப்பதும் இல்லை. மாடரேட்டர் ஒருவர் மற்ற வேலையை விட்டுவிட்டு அவரோடு மட்டும் பேசுவார்: "இப்போ பக்கத்துல யாராவது இருக்காங்களா? உங்களையே காயப்படுத்திக்கணும்னு தோணுதா?" என்று நேராகவே கேட்பார், எந்த நாட்டில் இருக்கிறார் என்று கேட்டு அங்கத்திய உதவி எண்ணைத் தருவார். அந்தப் பட்டியலை முன்பே தயாராக வைத்திருக்கிறோம், அந்த நேரத்தில் தேட முடியாது. எண் தரமாட்டோம் என்ற விதிக்கு இது ஒன்றுதான் விலக்கு, அதையும் ஸ்பேனர் குறி உள்ளவர் மட்டும் தருவார். அன்று அப்படி எழுதியவர் தன் அக்காவை எழுப்பிப் பேசினார், இப்போதும் வெள்ளிக்கிழமை வருகிறார்.

ஐந்தாவது வாரம் எல்லாம் கொஞ்சம் படிந்தது. பத்தொன்பது படிவங்கள் வந்தன. பெயரோடு ஆறு, பெயரில்லாமல் எட்டு, குழுவுக்கு மட்டும் ஐந்து. பெயரோடு என்றிருந்த ஒன்று அலுவலகத் தோழி ஒருவரின் விவாகரத்து வழக்கு, அவருக்குத் தெரியாது என்று குறித்திருந்தார், அதைக் குழுவுக்கு மாற்றினோம். சாட்டில் நான்கு பேரிடம் கேட்டோம், இருவர் சரி என்றார்கள், ஒருவர் வேண்டாம் என்றார், ஒருவர் பதில் தரவில்லை. ஆக வாசித்தது பதினைந்து, இருபது நிமிடத்தில். முன்பெல்லாம் நாற்பது வாசிப்போம், மூச்சு விடாமல். இப்போது ஒவ்வொரு சீட்டுக்கும் பிறகு பாஸ்டர் நின்று ஜெபிக்கிறார். வாசிக்காத குறிப்புகளைப் பற்றி "வாசிக்கவேண்டாம் என்று அனுப்பியவர்களுக்காகவும் இப்போது ஜெபிக்கிறோம்" என்று சொல்லி ஒரு நிமிடம் அமைதி. எத்தனை பேர் என்றுகூடச் சொல்வதில்லை. ஒரே ஒருவர்தான் என்று தெரிந்தால், யார் என்ற யோசனை ஓடும்.

பதிவுக்கும் ஒரு வழி கண்டோம். நேரலையில் கேட்கலாம் என்று சொன்னவர், வருடக்கணக்கில் சேனலில் கிடக்கலாம் என்று சொல்லவில்லை. அதனால் குறிப்பு வாசிக்கும் பகுதியைக் கடைசி இருபது நிமிடமாக வைத்தோம். முடிந்ததும் வீடியோ `Private`, கடைசிப் பகுதியை வெட்டி, புதிய வடிவம் தயாரான பிறகுதான் திறக்கிறோம். பார்ப்பவர்கள் நேரலையைப் பின்னோக்கி ஓட்டும் வசதியையும் கிளிப் எடுக்கும் வசதியையும் அணைத்துவிட்டோம். சாட் ரீப்ளேயும் கிடையாது. வெளிநாட்டில் இருக்கிறவர்கள், நேர வித்தியாசத்தால் தவறவிட்டவர்கள், "எங்க குறிப்பு வாசிச்சீங்களான்னு பாக்க முடியல" என்று வருத்தப்பட்டார்கள், அது உண்மையான இழப்புதான். அவர்களுக்கு எழுதுகிற அக்கா மறுநாள் ஒரு வரி அனுப்புகிறார். போன் திரையைப் பதிவுசெய்வதை எங்களால் தடுக்க முடியாது, அதை மறைக்காமல் படிவத்தின் மேலேயே எழுதியிருக்கிறோம்: வாசித்தால் யாரும் கேட்கலாம், பதிவுசெய்யவும் செய்யலாம், மனது மாறினால் வாசிக்கும் நிமிடம் வரைக்கும் சாட்டில் "வேண்டாம்" என்று ஒரு சொல் எழுதுங்கள்.

கடைசியாக மாற்றியது நாங்கள் எதிர்பாராத இடம். ஜெபக்குழுவின் வாட்ஸ்அப்பில் "குழுவுக்கு மட்டும்" என்ற குறிப்புகள் முழுதாக, பெயரோடு, மாதக்கணக்கில் கிடந்தன. இருபத்திரண்டு பேர், அவர்களில் சிலரின் போன் பிள்ளைகள் கையில். இப்போது அந்தக் குழுவில் குறிப்பு போடுவதில்லை. படிவத்தின் பட்டியலைப் பாஸ்டரும் எழுதுகிற அக்காவும் நானும் மட்டும் திறக்கலாம், ஜெபக்குழுவுக்கு பெயரில்லாத சுருக்கம் வெள்ளி மாலை போகும். அடுத்த வியாழன் இரவு நான் அந்த வாரப் பட்டியலை அழிக்கிறேன், குப்பைத் தொட்டியிலிருந்தும். தொடர்ந்து ஜெபிக்கச் சொன்னவர்களை மட்டும் அழைத்து, இன்னும் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டுவிட்டு வைக்கிறோம்.